மூலையில் வரைந்த பந்து ஏன் மிதக்கிறது?

வணக்கம் அம்மா. நீங்கள் கொடுத்துவிட்டுப் போன இரண்டு பழைய பாடப்புத்தகங்களையும் நிதானமாகப் புரட்டிப் பார்த்தேன். கரண்ட் போகும் நேரங்களில் அக்காவும் தம்பியும் சேர்ந்து மூலைகளில் படம் வரைந்து, கட்டைவிரலால் சர்ரென்று ஓட்டிப் பார்ப்பார்கள் என்றீர்கள். "சின்னவனுக்குக் கை நன்றாக வருகிறது, அவனை அனிமேஷனில் சேர்க்கலாமா? பெரியவள் சும்மா குச்சி குச்சியாகத்தான் போடுகிறாள்" என்றும் கேட்டீர்கள். என் பதில் நீங்கள் எதிர்பார்த்ததற்கு நேர் எதிராக வந்துவிட்டது. காரணத்தைப் புத்தகத்தை வைத்தே சொல்கிறேன்.

இப்படித் தாள்களை ஓட்டிப் படத்தை அசைய வைக்கும் ஃபிளிப்புக்கைத் தனித்தனிப் படமாகப் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதுதான் அசைவு. படம் சுமாராக இருந்தாலும் அந்த இடைவெளி சரியாக இருந்தால் உயிர் வந்துவிடும். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இடைவெளி தவறினால் ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் இயற்பியல் புத்தகம். அதில் ஒரு பந்து மேலிருந்து கீழே விழுகிறது. தாள்களுக்குப் பின்பக்கத்திலிருந்து எண் போட்டிருக்கிறார்கள். கடைசித் தாளில் ஆரம்பித்து முன்பக்கம் நோக்கி வந்தால்தான் முன்பு வரைந்த படம் அடியில் இருக்கும், அதைப் பார்த்து அடுத்ததைப் போடலாம். டார்ச்சை அடியில் வைத்து வரைந்ததாக உங்கள் மகன் சொன்னான். ஓரத்தில் அச்சு இல்லாத வெற்றிடம் என்பதால் இரண்டு தாள்களைத் தாண்டியும் கோடு தெரிந்திருக்கிறது. வெளிச்சமான அறையில் இப்படித் தெரியாது. அனிமேஷன் படிப்பவர்கள் அடியிலிருந்து ஒளி வரும் மேசையில் செய்கிற வேலையை இவர்கள் இருட்டையும் டார்ச்சையும் வைத்துச் செய்துவிட்டார்கள்.

அந்தப் பந்தில் 1, 9, 17 ஆகிய தாள்களை அக்கா போட்டிருக்கிறாள். நடுவில் உள்ளவை தம்பி போட்டவை. கோட்டின் அழுத்தத்தைப் பார்த்தாலே இரண்டு கைகள் என்று தெரிகிறது. இந்தத் தொழிலில் அக்கா போட்டதற்குக் கீ டிராயிங் என்று பெயர், தம்பி போட்டதற்கு இன்-பிட்வீன். யாரும் சொல்லித்தராமலே வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஓட்டிப் பார்த்தால் பந்து விழவில்லை, மிதந்து இறங்குகிறது. ஏன்? 1ஆம் தாளில் பந்து உச்சியில், 9ஆம் தாளில் தரையில். தம்பி நடுத்தாளான 5இல் பந்தைச் சரிபாதி உயரத்தில் வைத்துவிட்டான். பிறகு 3, 7 இரண்டையும் அதேபோல் பாதி பாதியாகப் பிரித்திருக்கிறான். எல்லா இடைவெளியும் ஒரே அளவு. ஆனால் விழுகிற பொருள் பாதி நேரத்தில் கால்வாசி தூரம்தான் வந்திருக்கும். அதாவது 5ஆம் தாளில் பந்து மேலிருந்து கால் பங்கு மட்டுமே இறங்கியிருக்க வேண்டும். 3இல் பதினாறில் ஒரு பங்கு, 7இல் பதினாறில் ஒன்பது பங்கு. உச்சிக்கு அருகில் படங்கள் நெருக்கமாகவும் தரைக்கு அருகில் அகலமாகவும் விழுந்தால்தான் கண்ணுக்கு எடை தெரியும்.

இதைவிட என்னை நிறுத்தியது வேறொன்று. 17ஆம் தாளுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு செங்குத்துக் கோடு, அதில் சின்னச் சின்னக் குறுக்குக் கோடுகள். மேலே நெருக்கமாகவும் கீழே தள்ளித் தள்ளியும் இருந்தன. "இது என்ன?" என்று கேட்டதற்கு, "அவன் எங்கே வரையணும்னு குறிச்சேன், அவன் பார்க்கவே இல்லை" என்றாள். தொழில்முறை அனிமேட்டர்கள் இன்-பிட்வீன் போடுபவருக்குக் கீ டிராயிங்கின் ஓரத்தில் எழுதிக் கொடுக்கும் இடைவெளிக் குறிப்பும் இதேபோன்ற ஏணிக்கோடுதான். உங்கள் மகள் அதைத் தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள்.

இரண்டாவது புத்தகம் அவள் மட்டும் வரைந்தது. ஒரு குச்சி மனிதன் கதவுக்கு முன் நிற்கிறான். 14 தாள்கள் வரை கண் மட்டும்தான் அசைகிறது. அப்புறம் இரண்டே தாளில் கதவு படாரென்று திறக்கிறது. அவள் ஓட்டிக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் நான் அப்படியே நம்பிவிடவில்லை. ஃபிளிப்புக்கில் ஒரு கள்ளத்தனம் உண்டு. ஓட்டுகிறவரின் கட்டைவிரல், தேவையான இடத்தில் தன்னையறியாமல் மெதுவாகிவிடும். தப்பை விரல் மூடிவிடும்.

அதனால் மொபைலை அசையாமல் நிறுத்தி, ஒவ்வொரு தாளையும் தனிப் புகைப்படமாக எடுத்து, வினாடிக்கு 12 படம் என்ற சீரான வேகத்தில் ஓட்டினோம். சினிமா வினாடிக்கு 24 பிரேம். கையால் வரையும் அனிமேஷனில் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்துவார்கள், அதனால்தான் 12. அந்தக் கணக்கில் அவளுடைய 14 தாள் காத்திருப்பு ஒரு வினாடிக்குக் கொஞ்சம் மேல்தான். விரலில் அது மூன்று வினாடியாக இருந்தது. கதவு திறந்ததும் சிரிப்பு வரவில்லை. அவள் முகம் வாடிப்போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ அந்தக் கண் படத்தையே திரும்பத் திரும்ப வைக்கலாமா?" என்று கேட்டாள். வைக்கலாம். 36 படம் வரைய வேண்டியதில்லை, இருக்கிற படங்களையே நிறுத்திப் பிடித்தால் மூன்று வினாடி கிடைத்துவிடும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மகனுக்குப் பதின்மூன்று வயது. அவன் கோடு சுத்தமானது, ஒரே உருவத்தை எட்டுத் தாளிலும் அளவு மாறாமல் கொண்டுவருகிறான். அது சாதாரண விஷயமல்ல. ஆனால் அந்தத் திறமையை மட்டும் நம்பி இன்-பிட்வீன் வேலைக்குப் போவது இன்று சிரமம். கணினியில் செய்யும் அனிமேஷனில் இரண்டு நிலைகளுக்கு நடுவில் உள்ளவற்றை மென்பொருளே நிரப்பிவிடுகிறது. தவிர, கரண்ட் வந்ததும் அவன் புத்தகத்தை மூடிவிட்டு ஓடிவிடுவான் என்று நீங்களே சொன்னீர்கள். இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஓவியமா, வடிவமைப்பா, வேறேதாவதா என்று அவனே காட்டுவான்.

மகள் விஷயம் வேறு. அவளிடம் இருப்பது நேர உணர்வு. அனிமேட்டருக்கும், கதையைக் காட்சி காட்சியாகப் படம் போடும் ஸ்டோரிபோர்டு வரைபவருக்கும், எடிட்டருக்கும் அதுதான் முதல் தேவை. அவளிடம் இல்லாதது உடற்கூறு. குச்சி மனிதனை வைத்துக்கொண்டு கல்லூரித் தேர்வில் நிற்க முடியாது. தினமும் இருபது நிமிடம், நடக்கிற, குனிகிற, சுமை தூக்குகிற ஆட்களை நேரில் பார்த்து, ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்காமல் வரையட்டும். புகைப்படத்தைப் பார்த்து நகலெடுப்பது இதற்குச் சமமாகாது. சேர்க்கைக்கு வரும் போர்ட்ஃபோலியோக்களில் நகலெடுத்த முகங்கள் குவிந்து கிடக்கும், அவற்றைத் தேர்வாளர்கள் வேகமாகத் தள்ளிவிடுவார்கள்.

இன்னொன்றையும் அவள் தெரிந்துகொள்ள வேண்டும். 160 பக்கப் புத்தகத்தில் 80 தாள், ஓட்டினால் ஏழு வினாடிகூட வராது. இந்தத் தொழிலும் அப்படித்தான், வாரம் முழுக்க உழைத்தால் சில வினாடிகள் தேறும். அதிலும் பாதியைத் திருப்பி வரையச் சொல்வார்கள். அதனால் முதல் சோதனையாக அந்த விழும் பந்தையே அவள் தனியாக மறுபடி வரையட்டும். கால் பங்கு கணக்கில் ஒருமுறை, தரையில் மோதி எழும்புவது சேர்த்து ஒருமுறை, அதே பந்து இரும்பாக இருந்தால் எப்படி என்று இன்னொருமுறை. மூன்றாவதை வரையும்போது அலுத்துக்கொள்கிறாளா, நான்காவதைக் கேட்கிறாளா என்று மட்டும் கவனியுங்கள்.

முடித்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். புத்தகத்தைக் கையால் புரட்டுகிற வீடியோ வேண்டாம், தாள் தாளாகப் படம் எடுத்து ஓட்டியதை அனுப்பட்டும்.