பஸ்ஸில் கேட்ட பாதிப் பாட்டை எப்படிச் சொல்வது?

கல்யாண மேடைகளில் பல வருடமாகக் கீபோர்ட் வாசிக்கும் ஒருவர் பதில் சொல்கிறார்.

கொக்குவில் தம்பி: கே.கே.எஸ். வீதி மினிபஸ்ஸில் ஒரு பழைய சினிமாப் பாட்டு. சொல் ஒன்றும் ஞாபகமில்லை, நடுவில் வந்த புல்லாங்குழல் பிரிட்ஜ் மட்டும் மனதில் நிற்கிறது. பாட்டின் பெயர் தெரிய மற்றவர்களிடம் எப்படி எழுதிக் கேட்பது?

தம்பி, 'பிரிட்ஜ்' என்று எழுதினால் ஆட்கள் வேறு இடத்தில் தேடுவார்கள். ஆங்கிலப் பாட்டுகளில் பிரிட்ஜ் பெரும்பாலும் ஆள் பாடுவது. மெட்டு வேறு பக்கம் திரும்பி, ஒரே ஒரு தடவை வந்துவிட்டு, மறுபடி கோரஸில் போய் விழும். நீங்கள் கேட்டது வாத்தியம் மட்டும் என்றால் அது இன்டர்லூட். மேடையில் நாங்கள் பி.ஜி.எம். என்போம்.

ஆனால் எத்தனையாவது இன்டர்லூட்? அங்கேதான் பலர் சறுக்குவார்கள். அந்தக் காலப் பாட்டுகள் பெரும்பாலும் பல்லவி, இன்டர்லூட், சரணம், மறுபடி பல்லவி, இரண்டாம் இன்டர்லூட், இரண்டாம் சரணம் என்றுதான் ஓடும். இரண்டு சரணத்துக்கும் மெட்டு அநேகமாக ஒன்று. இன்டர்லூட் இரண்டும் வேறு வேறு. முதலாவதை மட்டும் போட்டுப் பார்ப்பவர் "குழலே இல்லையே" என்று விட்டுவிடுவார்.

குழல் முடிந்ததும் பாடிய மெட்டு ஏற்கெனவே கேட்டதுபோல இருந்ததா? அப்படியென்றால் இரண்டாம் இன்டர்லூட். இப்படி எழுதுங்கள்: "ஆண் குரல். இரண்டாம் இன்டர்லூட்டில் குழல் தனியே தொடங்கும், வயலின்கள் பதில் சொல்லும், பிறகு சரணம்." பாட்டின் நடுவில்தான் பஸ் ஏறினீர்கள் என்றால் இந்தக் கணக்கு உதவாது. அதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

சாவகச்சேரி அக்கா: ஹூக் என்றால் பல்லவிதானே?

பாதி சரி அக்கா. பல்லவி ஓர் இடம். ஹூக் என்பது மனதில் கொக்கி போடும் துண்டு. அது அநேகமாகப் பல்லவியில் இருக்கும். ஆனால் தொடக்கத்தில் வந்து வந்து போகும் நாலு கிட்டார் சுரமும் ஹூக்தான். "திரும்பத் திரும்ப வருகிறது" என்று சொன்னாலே போதும்.

மானிப்பாய் ஐயா: மகளின் கல்யாண வீடியோவில் பாட்டின் கடைசியை வெட்டிவிட்டார்கள். அவுட்ரோ இல்லாமல் கண்டுபிடிக்கலாமா?

வெட்டியவரிடமே பாட்டின் பெயரைக் கேளுங்கள் ஐயா, அதுதான் சுருக்கு வழி. அவுட்ரோ தேடலுக்குப் பெரிதாக உதவாது. பல பாட்டுகளில் பல்லவியே மெல்லத் தேய்ந்து முடியும், வானொலியில் அதற்குள் அறிவிப்பாளர் பேசத் தொடங்கிவிடுவார்.

கொக்குவில் தம்பி: அண்ணை, இப்போது யோசித்தால் குழலோடு ஒரு பெண் "ஆ... ஆ..." என்று பாடியதுபோலும் இருக்கிறது. அப்போதும் இன்டர்லூட்தானா?

நான் இன்டர்லூட் என்பேன், எங்கள் டிரம்ஸ்காரர் ஹம்மிங் என்று தனியாகப் பிரிப்பார். இரண்டு சொல்லையும் எழுதுங்கள். "பெண் குரல், சொல் இல்லை" என்பதை முதல் வரியிலேயே போடுங்கள்.