தீபாவளி நோட்டீஸ்: வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து ‘ஓகே’ சொல்லாதீர்கள்

“அண்ணை, கிளிநொச்சியில சின்னப் புடவைக்கடை வைச்சிருக்கிறன். தீபாவளிக்கு நோட்டீஸ் அடிக்கக் குடுக்கப்போறன். போன வருசம் விலையும் திகதியும் பிழைச்சு, சனத்தோட ஒரே சண்டை. அடிக்க முதல் என்னத்தைப் பார்க்கவேணும்?”

தங்கச்சி, இடையில் நிற்கும் டிசைன்காரரிடம் முதலில் கவனமாக இருங்கள். அவர்களில் சிலர் புதிதாக எதையும் செய்வதில்லை. போன வருடக் கோப்பைத் திறந்து, கடைப் பெயரை மாற்றி, முழுக் காசையும் வாங்கிவிடுவார்கள். 2025இல் தீபாவளி ஒக்டோபர் 20, திங்கள். 2026இல் நவம்பர் 8, ஞாயிறு. திகதியை மாற்றியவர் கிழமையை மறந்திருப்பார். மூலையில் ‘சலுகை ஒக்டோபர் 19 வரை’ என்ற பழைய வரியும் கிடக்கும். ஆகவே திகதி, கிழமை, முடிவு நாள் மூன்றையும் கலண்டரோடு ஒத்துப்பாருங்கள்.

அடுத்தது எழுத்துரு. நீங்கள் கைபேசியில் அனுப்புவது யுனிகோட். எங்கள் பக்கத்து அச்சகங்கள் பல இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவை விடவில்லை. இத்தனை வருடமாகியும் இந்த வில்லங்கம் தீரவில்லை என்று எனக்கு உண்மையில் கோபம். பாமினியில் % இருக்கும் இடத்தில் ‘மூ’, சாய்கோட்டின் இடத்தில் ‘ஃ’. அதனால் 30% என்பது ‘30மூ’ ஆகிவிடும், 4500/= என்பதில் சாய்கோடு ‘ஃ’ ஆகிவிடும். ‘30 வீதம்’, ‘ரூபா 4500’ என்று எழுத்திலேயே கொடுத்தால் இந்தப் பிழை வராது.

விலையைக் கண்ணால் வாசித்தால் போதாது. 4,500இல் 30 வீதம் கழித்தால் 3,150. நோட்டீஸில் 3,510 என்று நின்றாலும் கண் சரியென்றே வாசிக்கும். கல்குலேட்டரில் ஒவ்வொன்றாகப் போட்டு, பேனையால் சரி அடையாளம் இடுங்கள். கடைப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் இன்னொருவர் உரக்க வாசிக்கட்டும். அந்த எண்ணுக்கு ஒருமுறை அழைத்தும் பாருங்கள்.

உங்கள் சண்டை பெரும்பாலும் நிபந்தனையில்தான் வந்திருக்கும். ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று மட்டும் போட்டால், 4,500 ரூபாச் சேலையையே இலவசமாகக் கேட்பார்கள். ‘மூன்றில் விலை குறைந்தது இலவசம்’ என்று அதே வரியில் போடுங்கள். ‘50 வீதம் வரை’ என்றால் ‘வரை’யும் 50 அளவுக்கே பெரிதாக இருக்கவேண்டும். ‘நவம்பர் 7 இரவு 8 மணி வரை’ என்று நேரத்தையும் சொல்லுங்கள்.

சொன்ன நாளுக்கு முன் சலுகையை நிறுத்தக்கூடிய ஒரே இடம், சரக்கு முடிவது. அதற்கும் ‘இருப்பு உள்ளவரை’ என்ற சொல் நோட்டீஸில் இருக்கவேண்டும். அதுவும் எறும்பெழுத்தில் அல்ல. பத்துச் சேலைதான் இருக்கிறதென்றால் ‘10 சேலைகள் மட்டும்’ என்றே போடுங்கள். பரந்தனிலிருந்து பஸ் ஏறி வருகிறவர் பதினோராவது ஆளாக வந்தாலும், அந்த வரியைக் காட்டிக் கதைக்கலாம்.

கடைசியாக, வாட்ஸ்அப்பில் வரும் படத்துக்கு ‘ஓகே’ சொல்லாமல், அச்சடிக்கப்போகும் அதே கோப்பிலிருந்து உண்மையான அளவில் ஒரு தாள் எடுத்துத் தரச் சொல்லுங்கள். திருத்தம் செய்தால் திரும்பவும் ஒரு தாள். அதில்தான் கையெழுத்து. போட்ட பிறகு வரும் பிழைக்கு அச்சகம் பொறுப்பெடுக்காது.