போர்வைக் கணக்கு இடிக்கிறது

“ஏழைக் குடும்பங்களுக்கு வழங்க நன்கொடையாக வந்த பழைய போர்வைகள் பதிவேட்டில் 40, அலமாரியில் 31தான். யாரும் எடுக்கவில்லை. மதிப்பு எவ்வளவு என்று எழுதுவது?”

பெரும்பாலும் இது திருட்டாக இருக்காது. வாசலில் மூட்டையைப் பிரித்ததும் எண்ணி, அதையே இருப்பாக எழுதியிருப்பீர்கள். தரம் பிரிக்கும்போது கிழிந்தவை கழிவுக்குப் போயிருக்கும், அதற்குப் பதிவு இருக்காது.

வரவுப் புத்தகத்தில் தேதி, கொடுத்தவர், வந்த எண்ணிக்கை மட்டும் போதும். தரம் பிரித்த பிறகு தேறியதை மட்டும் இருப்பில் ஏற்றுங்கள். 40 வந்து 6 கிழிந்திருந்தால், கழிவு 6 என்று இருவர் கையெழுத்துடன் எழுதி, இருப்பு 34 என்று வையுங்கள். மீதி 3 போர்வையை வழங்கல் சீட்டுகளில் தேடுங்கள். அவசரத்தில் சீட்டில்லாமல் கொடுப்பதுதான் வழக்கமான ஓட்டை. பழைய எண்ணை அடிக்காதீர்கள், காரணத்தோடு தனி வரியில் திருத்துங்கள்.

மதிப்புக்குப் புதுப் போர்வையின் விலை வேண்டாம். அதே நிலையில் உள்ள பழையது, வந்த நாளில் என்ன விலைக்குப் போகுமோ அதுதான் சரி. நல்லது, சுமார் என்று இரண்டு தரம், தரத்துக்கு ஒரே விலை.

அப்புறம், 31 போர்வைக்கு 50 குடும்பம் காத்திருந்தால், கைக்குழந்தையும் முதியவரும் உள்ள வீடுகள் முதலில் என்று வழங்கும் முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள். மற்றவர்களுக்குச் சீட்டுக் குலுக்கல். விடுபட்டவர்களின் பெயர் அடுத்த வரவில் மேலே வரட்டும்.