இன் பண்ணாத சட்டையை எடிட்டில் இன் பண்ணுவது

கேள்வி: சட்டையை வெளியே விட்டு எடுத்த போட்டோவை இன் பண்ணின மாதிரி மாத்தினா பெல்ட் ஒட்ட வச்ச மாதிரியே தெரியுது. பெல்ட் கோட்டை எங்கே, எப்படிப் போடணும்?

வேலூரில் ஸ்டூடியோ எடிட்டிங்தான் என் தொழில். மாப்பிள்ளை போட்டோவுக்கு இந்த வேலை அடிக்கடி வரும். பெல்ட் படத்தை நன்றாகத் தேர்ந்தெடுத்தும் ஒட்டவில்லை என்றால், பெரும்பாலும் இடுப்பு உயரமோ வளைவோ தவறியிருக்கும்.

ஒரு போட்டோவை வைத்தே சொல்கிறேன். கோட்டை மதிலுக்கு முன்னால் ஒருவர் நேராக நிற்கிறார். சட்டை ஜிப்பின் பாதி வரை தொங்குகிறது, அதற்குக் கீழே இரண்டு கால்களும் பிரியும் இடம் தெரிகிறது. இடுப்பு மறைந்திருப்பதால் அளவை சட்டையிலிருந்தே எடுக்க வேண்டும். ஆண்கள் சட்டையில் பட்டனுக்குப் பட்டன் இடைவெளி ஏறக்குறைய 3.5 அங்குலம். இந்தப் படத்தில் அது 140 பிக்சல், அதாவது அங்குலத்துக்கு 40. சாதாரண பேன்ட்டில் கால் பிரியும் தையலிலிருந்து இடுப்புப் பட்டியின் மேல் ஓரம் வரை 10 முதல் 11 அங்குலம். துணி உடம்போடு வளைந்து போவதால் படத்தில் சற்றுக் குறைவாகத்தான் தெரியும். ஆகவே கால் பிரியும் இடத்திலிருந்து 390 பிக்சல் மேலே பட்டியின் மேல் ஓரத்தை வைத்தேன். ஃபார்மல் பெல்ட்டின் அகலம் சுமார் 35 மில்லிமீட்டர், இங்கே 55 பிக்சல். பலர் பெல்ட்டை இதைவிடத் தடியாக வைக்கிறார்கள், அதிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

அடுத்தது வளைவு. இடுப்பு ஒரு வளையம். கேமரா இடுப்புக்கு மேலே இருந்தால் பெல்ட்டின் நடுப்பகுதி கீழே இறங்கித் தெரியும். கீழே இருந்தால் நடுப்பகுதி மேலே ஏறும். இடுப்பு உயரத்திலேயே இருந்தால் கிட்டத்தட்ட நேர்கோடு. கேமரா எங்கே இருந்தது என்பதைப் பின்னணியே சொல்லும். மதில் பக்கவாட்டில் தூரமாக ஓடும்போது மேலே உள்ள கல் வரிசைகள் கீழ்நோக்கிச் சரியும், கீழே உள்ளவை மேல்நோக்கி ஏறும். எந்த வரிசை சரியாமல் படுத்திருக்கிறதோ அதுதான் கேமராவின் உயரம். இங்கே அது அவர் கழுத்தருகே இருந்தது. கேமரா சுமார் 10 அடி தூரத்தில் இருந்தால், பெல்ட்டின் நடுப்பகுதி ஓரங்களைவிட முக்கால் அங்குலம் தாழும். 30 பிக்சல்தான், பெல்ட் அகலத்தில் பாதிக்குச் சற்று மேல். Pen Tool-இல் முதலில் இந்த ஒரு கோட்டை மட்டும் வரைந்துகொண்டு, பெல்ட்டை Warp வைத்து அதற்குப் பொருத்துங்கள். ஒரு காலில் எடை போட்டு நிற்பவருக்கு அந்தப் பக்க இடுப்பு உயர்ந்திருக்கும், கோடும் அதே பக்கம் ஏற வேண்டும்.

பெல்ட் வைத்ததும் வேலை முடியாது. இன் பண்ணின சட்டை பெல்ட்டின் மேல் ஓரத்தில் கத்தியால் வெட்டியது போல முடியாது. துணி லேசாக உப்பி, சில இடங்களில் பெல்ட் மேல் ஓரத்தைத் தொட்டு மூடும், பக்கங்களில் அதிகமாக. மடிப்புகள் பெல்ட்டிலிருந்து மேலே விரிந்து போகும். உப்பலுக்குக் கீழே பெல்ட் மேல் மெல்லிய நிழலை Multiply லேயரில் போடுங்கள், பழைய தொங்கல் மடிப்புகளை அழித்துவிடுங்கள். பட்டன் பட்டியின் ஓரம், பக்கிளின் ஓரம், ஜிப் மூடியின் ஓரம் மூன்றும் ஒரே வரியில் இறங்க வேண்டும். பெல்ட் ஒரு பட்டனைப் பாதியில் வெட்டினால் அந்தப் பட்டனையே எடுத்துவிடலாம். சட்டையின் அகலம் போனதும் கைக்கும் இடுப்புக்கும் நடுவே இடைவெளி திறக்கும். அங்கே மதிலின் கல் வரிசைகளைத் தொடர்ச்சி விடாமல் நிரப்புங்கள். நான் அதிக நேரம் செலவிடுவது இந்த இடத்தில்தான்.

மாறாக வெளியே விடுவதென்றால் கோடு பெல்ட்டுடையது அல்ல, சட்டையின் கீழ் விளிம்புடையது. ஃபார்மல் சட்டையில் அது முன்னால் தாழ்ந்து, பக்கத் தையலில் மேலே ஏறும். ஸ்லிட் வைத்த சட்டையில் நேராக இருக்கும். விளிம்பு உடம்பை ஒட்டாமல் தள்ளித் தொங்குவதால், பேன்ட் மேல் நிழல் ஓரத்திலிருந்து கொஞ்சம் விலகி, விளிம்பு மங்கலாக விழ வேண்டும். விளிம்புக்கு மேலே ஓடும் தையலையும் மறக்காதீர்கள்.

சட்டை கால் பிரியும் இடத்தையே மூடிவிட்டால் உயரம் கணக்கிட ஆதாரம் இல்லை. அப்போது அதே ஆள் இன் பண்ணி நிற்கும் வேறு போட்டோ ஒன்றைக் கேட்டு வாங்கி, தோளிலிருந்து இடுப்புக்கு எவ்வளவு என்று அதில் அளந்து இங்கே வைப்பேன்.