8 பேருக்கு 40,000, ஒருவருக்கு 58,000: சராசரி எவ்வளவு?

கேள்வி: எங்கள் குழுவில் 8 பேர் இருக்கிறோம், சராசரி மாதச் சம்பளம் 40,000. புதிதாக ஒருவர் 58,000 சம்பளத்தில் சேர்ந்திருக்கிறார். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினேன், 49,000 வந்தது. அதை வைத்து அடுத்த மாதச் சம்பளச் செலவைப் போட்டால் கணக்காளர் திருப்பி அனுப்பிவிட்டார். எங்கே தவறினேன்? நிதியாண்டில் இன்னும் 4 மாதம்தான் பாக்கி. வருடச் சராசரி என்று கேட்டால் எதைக் காட்டுவது?

பதில்: கணக்காளர் திருப்பி அனுப்பியது சரிதான். 49,000-ஐ 9 பேரால் பெருக்கினால் 4,41,000. உண்மையில் உங்கள் குழுவுக்குப் போகும் சம்பளம் 3,78,000. மாதத்துக்கு 63,000 கூடுதலாகக் கேட்டிருக்கிறீர்கள்.

40,000 என்பது 8 பேருக்காகப் பேசும் எண். 58,000 ஒரே ஒருவருடையது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கும்போது அந்த ஒருவருக்கு 8 பேரின் பலத்தைக் கொடுத்துவிடுகிறீர்கள். நிறையிட்ட சராசரி என்று பாடப் புத்தகத்தில் படித்தோமே, அதில் ஒவ்வொரு எண்ணையும் அதற்குப் பின்னால் நிற்கும் தலைகளின் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்ட வேண்டும். பழையவர்களின் மொத்தம் 8 × 40,000 = 3,20,000. அதோடு 58,000 சேர்த்து 9-ஆல் வகுத்தால் 42,000.

நான் மனக்கணக்காக இதை வேறு மாதிரி போடுவேன். புதியவர் பழைய சராசரியைவிட 18,000 அதிகமாக வாங்குகிறார். அந்த 18,000-ஐ அவரையும் சேர்த்து 9 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 2,000. சராசரி அவ்வளவுதான் ஏறும். 8-ஆல் வகுத்துவிடாதீர்கள், பலர் சறுக்கும் இடம் அதுதான். புதியவர் 31,000-க்குச் சேர்ந்திருந்தால் வித்தியாசம் 9,000. அப்போது சராசரி 1,000 இறங்கி 39,000 ஆகியிருக்கும், பழையவர்கள் யாருக்கும் சம்பளம் குறையாமலே. உங்கள் குழுவிலும் இதே கதைதான். சராசரி 2,000 ஏறியது என்பதற்காக யார் கைக்கும் கூடுதலாக ஒரு காசு வரவில்லை. ஊதிய உயர்வுப் பேச்சில் யாராவது இந்த 2,000-ஐக் காட்டினால் இதை நினைவில் வையுங்கள்.

சரி, வருடச் சராசரிக்கு வருவோம். இங்கே தலைகளை எண்ணினால் போதாது, மாதங்களையும் எண்ண வேண்டும். பழைய 8 பேரும் 12 மாதம் வேலை செய்தால் அது 96 ஆள்-மாதம். புதியவருடையது 4. மொத்தம் 100. கொடுத்த பணம் 38,40,000-உம் 2,32,000-உம் சேர்த்து 40,72,000. வகுத்தால் மாதச் சராசரி 40,720. ஆக, இந்த மாதச் சராசரி எவ்வளவு என்று கேட்டால் 42,000, இந்த ஆண்டுச் சராசரி என்றால் 40,720. இரண்டும் சரியான எண்கள்தான். எது எதற்கு என்று பக்கத்தில் எழுதி வையுங்கள், அடுத்த ஆண்டுக்கான திட்டத்தை 40,720-இல் தொடங்கினால் பணம் போதாது.

ஆரம்ப காலத்தில் நானே ஓர் அறிக்கையில் இதே இடத்தில் மாட்டியிருக்கிறேன். ஆண்டின் மொத்தத் தொகையை, கடைசியில் இருந்த ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துவிட்டேன். உங்கள் எண்களில் அப்படிச் செய்தால், 40,72,000-ஐ 9 × 12, அதாவது 108-ஆல் வகுக்க, சுமார் 37,704 வரும். அதிகச் சம்பளத்தில் ஒருவர் வந்த பிறகு சராசரி எப்படிக் குறையும்? கலந்த சராசரி எப்போதும் பழைய சராசரிக்கும் புதியவரின் சம்பளத்துக்கும் நடுவில்தான் விழும், இங்கே 40,000-க்கும் 58,000-க்கும் நடுவில். வெளியே விழுந்தால் வகுத்த எண்ணைப் பாருங்கள். ஆனால் உங்கள் 49,000 இந்தச் சோதனையில் தேறிவிடும். அதைப் பிடிக்க, சராசரியை ஆட்களால் பெருக்கிச் சம்பளப் பட்டியலின் மொத்தத்தோடு ஒப்பிட வேண்டும். உங்கள் கணக்காளர் அதைத்தான் செய்திருப்பார்.

எக்செலில் B பத்தியில் மாதச் சம்பளம், C பத்தியில் வேலை செய்த மாதங்கள் என்று 9 பேருக்கும் போட்டுக்கொண்டால் ஒரே வரியில் முடிந்துவிடும்:

```
=SUMPRODUCT(B2:B10,C2:C10)/SUM(C2:C10)
```

நடுவில் யாருக்காவது சம்பளம் மாறியிருந்தால் அவருக்கு இரண்டு வரி போட்டு, மாதங்களைப் பிரித்துவிடுங்கள். சூத்திரத்தில் B10, C10 என்பதை மட்டும் கடைசி வரிக்கு நீட்ட வேண்டியிருக்கும்.

அப்புறம், பத்தாவதாக ஒருவரை எடுக்கும்போது "சராசரி 43,000-ஐத் தாண்டக் கூடாது" என்று மேலிடம் சொன்னால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 42,000-இலிருந்து 1,000 ஏற இடம் இருக்கிறது, ஆட்கள் 10 பேர் ஆவார்கள், ஆகவே அவருக்கு 42,000-க்கு மேல் 10,000 வரை தரலாம். 52,000 வரை பேசலாம்.