தொடர் இணைப்பில் கெப்பாசிட்டரின் வோல்ட் ஏன் இறங்கிக்கொண்டே போகிறது?

கேள்வி: எஸ்டிபிஎம் மாணவன். ஜாலான் பாசாரில் மூன்று 2.2 µF பாலியெஸ்டர் கெப்பாசிட்டர் வாங்கினேன். இரண்டைப் பக்க இணைப்பிலும், அதோடு ஒன்றைத் தொடரிலும் சேர்த்து 12 V கொடுத்தேன். கணக்குப்படி தனிக் கெப்பாசிட்டரில் 8 V, ஜோடியில் 4 V வர வேண்டும். மீட்டர் வைத்தால் 8-க்குக் கிட்டத்தில் தொடங்கி இறங்கிக்கொண்டே போகிறது. ஒரு நிமிடம் கழித்து ஜோடிக்கு மாற்றினால் 9 காட்டுகிறது. கணக்குத் தப்பா?

பதில்:

கணக்கு சரிதான். பக்க இணைப்பில் இருக்கும் இரண்டும் 4.4 µF. அதோடு 2.2 தொடரில் வருவதால் மொத்தம் 2.2 × 4.4 / 6.6, அதாவது ஏறக்குறைய 1.47 µF. 12 வோல்ட்டுக்கு மின்னூட்டம் 17.6 µC. தனியாக இருப்பதும் ஜோடியும் இதே அளவைத்தான் ஏற்கும். V = Q / C என்பதால் சிறியதற்கு 8, பெரியதற்கு 4.

இரண்டுக்கும் ஒரே மின்னூட்டம் என்று எதை நம்பிச் சொல்கிறோம் என்பதில்தான் உங்கள் விடை இருக்கிறது. தனிக் கெப்பாசிட்டரின் ஒரு தகடும் ஜோடியின் ஒரு பக்கமும் சந்திக்கும் நடு முனையைப் பாருங்கள். அது ஒரு தீவு மாதிரி. சப்ளையிலிருந்து அதற்கு நேரடி வழி கிடையாது. தொடக்கத்தில் அங்கே மொத்த மின்னூட்டம் பூஜ்யம் என்றால் கடைசிவரை பூஜ்யமாகவே இருக்கும், அதனால்தான் இரு பக்கமும் சமம். அந்தத் தீவுக்கு ஒரு சின்ன வழி திறந்தாலும் இந்த வாதம் போச்சு.

நீங்கள் வைத்த மீட்டர்தான் அந்த வழி. சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை சுமார் 10 மெகா ஓம். அதை 2.2 µF-க்குக் குறுக்கே வைத்ததும், தீவுக்கும் சப்ளைக்கும் இடையில் ஒரு தடையை மாட்டியதாகிவிடுகிறது. சப்ளை இணைந்தே இருப்பதால் தீவைச் சேர்ந்த எல்லாக் கெப்பாசிட்டரும் கணக்கில் வரும்: 10 மெகா ஓம் × 6.6 µF = 66 விநாடி. ஒரு நிமிடத்தில் 8 வோல்ட் 3.2-க்கு இறங்கும். மீதி 8.8 ஜோடியின் தலையில். நீங்கள் பார்த்த 9 அதுதான்.

சரியாக அளக்க, முதலில் சப்ளையைக் கழற்றி மூன்றையும் தனித்தனியே ஷார்ட் செய்யுங்கள். போன தடவை தீவில் தங்கிய மின்னூட்டம் தானாகப் போகாது. அப்புறம் 12 V கொடுத்து, மீட்டர் காட்டும் முதல் எண்ணை எடுங்கள். ஒரு விநாடிக்கு ஒன்றரை சதவீதம்தான் குறையும், பரவாயில்லை. ஜோடியை அளக்கும் முன் மறுபடியும் ஷார்ட், மறுபடியும் சப்ளை.

இது ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் உள்ள தொல்லை இல்லை. நான் பிறையில் மோட்டார் டிரைவ்கள் பழுதுபார்ப்பவன். 400 V மூன்று ஃபேஸ் மின்சாரத்தை டிசி ஆக்கினால் 565 V வரும். அதைத் தாங்க 400 V எலக்ட்ரோலைட்டிக் இரண்டைத் தொடரில் போடுவார்கள். 800 V தாங்கும் என்று தோன்றும். ஆனால் எலக்ட்ரோலைட்டிக்குக்கு உள்ளேயே கசிவு உண்டு, அதாவது மீட்டர் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஒன்றின் கசிவு 2 மெகா ஓம் தடைக்கும் மற்றதன் கசிவு 1 மெகா ஓம் தடைக்கும் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போட்ட நேரத்தில் µF அளவு வோல்ட்டைப் பிரித்திருக்கும். நேரம் போகப் போகக் கசிவுதான் பிரிக்கும்: ஒன்றில் 377 V, மற்றதில் 188 V. கூடுதல் பாரம் விழுவது கசிவு குறைந்த நல்ல கெப்பாசிட்டர் மேல், அநியாயம்தான். சப்ளை 10 சதவீதம் ஏறினால் அது 400-ஐத் தாண்டிவிடும்.

அதனால் ஒவ்வொன்றுக்கும் குறுக்கே ஒரே மதிப்புள்ள தடை போடுவார்கள். 47 கிலோ ஓம் போட்டால் அதே ஜோடி 286, 279 என்று பிரியும். கசிவைவிடத் தடையில் ஓடும் மின்னோட்டம் பல மடங்கு அதிகம் என்பதால் கசிவின் வித்தியாசம் அமுங்கிவிடுகிறது. விலை, தடை ஒன்றுக்கு 1.7 வாட் சூடு. எப்போதும் சூடாகவே கிடப்பதால் நாளடைவில் இந்தத் தடையே அறுந்துபோவதும் உண்டு. இரண்டு பாதியின் வோல்ட்டும் வெகுவாக வித்தியாசப்பட்டால், கெப்பாசிட்டரைக் குறை சொல்லுமுன் அதைத்தான் நான் பார்ப்பேன்.

இதையெல்லாம் நீங்கள் 12 வோல்ட்டில் மட்டும் செய்து பாருங்கள். டிரைவை அணைத்த பிறகு கெப்பாசிட்டரைக் காலி செய்வதும் பெரும்பாலும் அதே தடைகள்தான். அவை அறுந்திருந்தால் மெயின்ஸைத் துண்டித்து வெகு நேரம் ஆன பிறகும் உள்ளே ஆளைக் கொல்லும் வோல்ட் இருக்கும்.