ஆன்டிபாடி 6 என்றால் பூஸ்டர் போதுமா?

"அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்குது. ஹெபடைடிஸ் பி ஊசி நாலும் போட்டாச்சு, ஆன்டிபாடி 6தான் வந்திருக்கு. ஒரு பூஸ்டர் போட்டால் போதுமா?"

அந்தப் பரிசோதனையை எப்போது எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. கடைசி ஊசி போட்ட 1-2 மாதத்தில் எடுத்து 10-க்குக் கீழே வந்திருந்தால், உடல் அதை ஏற்கவே இல்லை; முழு கோர்ஸையும் திரும்பப் போட வேண்டும். முன்பு 10-க்கு மேல் இருந்து இப்போது இறங்கியிருந்தால் மட்டும் ஒரு பூஸ்டர் போதும். அதனால்தான் வருடம் ஒருமுறை பார்ப்பார்கள்.

அப்புறம், பழைய சீட்டில் அளவைப் பாருங்கள். டயாலிசிஸில் இருப்பவருக்கு வழக்கமான 20 மைக்ரோகிராம் ஊசி என்றால் ஒவ்வொரு தவணைக்கும் இரண்டு, அதாவது 40. 0, 1, 2, 6-ஆம் மாதங்களில். பாதி அளவு போட்டுவிடுவது சகஜம்.

ஃபிஸ்டுலா இல்லாத கையின் தோளில் போடச் சொல்லுங்கள், பிட்டத்தில் வேண்டாம். போட்ட மூன்று வாரத்துக்குள், ஹெபடைடிஸ் பி தொற்று இருக்கிறதா என்று பார்க்கும் HBsAg பரிசோதனையை எடுத்தால் ஊசியாலேயே பாசிட்டிவ் காட்டலாம், பயந்துவிடாதீர்கள்.

இரண்டாவது கோர்ஸுக்கும் 10-ஐத் தாண்டாவிட்டால் பொதுவாக மேலும் போடுவதில்லை. மாதாமாதம் HBsAg பார்ப்பார்கள். ஃப்ளூ ஊசியை இதோடு ஒரே நாளில் போடலாம், நெப்ராலஜிஸ்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.